பிக்கே டி-சர்ட்டில் லோகோ பஞ்சிங்: அண்டர்லே முதலில், புல் காம்பன்சேஷன் கடைசியில்

காலர் வைத்த பிக்கே டி-சர்ட்டின் இடது மார்பில் ஒரு வட்ட லோகோ. திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் யாருக்கும் மிகவும் பழகிய வேலை. இதே லோகோவைத் தொப்பியிலோ டிரில் துணிச் சட்டையிலோ போட்டால் பிரச்சினை இல்லாமல் வந்துவிடும். பிக்கேயில் போட்டால் வட்டம் முட்டையாகிவிடும், பார்டருக்கும் உள்ளே நிரப்பும் ஃபில்லுக்கும் நடுவே துணி எட்டிப் பார்க்கும், லோகோவைச் சுற்றித் துணி சுருங்கி நிற்கும். உடனே பெரும்பாலானவர்கள் செய்வது டென்சிட்டியை, அதாவது தையல் நெருக்கத்தை, கூட்டுவது. அதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. ஏன் என்பதையும், பஞ்சிங்கில், அதாவது டிசைனைத் தையல் ஃபைலாக மாற்றும்போது, எந்த வரிசையில் மதிப்புகளை முடிவு செய்ய வேண்டும் என்பதையும் ஒரே ஒரு டிசைனை வைத்து விளக்குகிறோம்.

டிசைன் இதுதான்: 64 மி.மீ. விட்டமுள்ள நேவி நீல வட்டம், அதன் விளிம்பில் 3 மி.மீ. அகல மஞ்சள் சாட்டின் பார்டர், நடுவில் வெள்ளையில் 9 மி.மீ. உயரத் தமிழ் எழுத்துகள். துணி 220 ஜி.எஸ்.எம். காட்டன் பிக்கே. நூல் வழக்கமான 40 எண் பாலியஸ்டர்.

முதலில், துணி ஏன் இழுபடுகிறது என்பது தெரிய வேண்டும். ஒரு தையல் என்பது ஊசி குத்திய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இறுக்கமாக நிற்கும் நூல். மேல்நூலின் டென்ஷன் அந்த இரண்டு புள்ளிகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். நெய்த துணியில் பாவும் ஊடையும் அந்த இழுப்பைத் தாங்கும். பின்னலாடையில் இருப்பது வளையங்கள், அவை வடிவம் மாறி இடம் கொடுத்துவிடும். அதனால் தையல் ஓடும் திசையில் வடிவம் சுருங்குகிறது. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்ட தையல்கள் ஒன்றையொன்று தள்ளுவதால், தையலுக்குக் குறுக்குத் திசையில் வடிவம் நீள்கிறது. முதலாவது புல், இரண்டாவது புஷ். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும்.

பின்னல் துணி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நீளாது என்பதையும் கவனிக்க வேண்டும். டி-சர்ட்டைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தால், மேலிருந்து கீழாக நீள்வதைவிடப் பக்கவாட்டில் அதிகம் நீளும். ஆகவே கிடைமட்டமாக ஓடும் தையல்தான் துணியை அதிகம் சுருக்கும். 'ப' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு நெட்டுக் கோடுகளிலும் தையல் கிடைமட்டமாக ஓடுகிறது. கீழ்க்கோட்டில் செங்குத்தாக ஓடுகிறது. திரையில் மூன்றும் ஒரே தடிமன்தான். தைத்து எடுத்தால் நெட்டுக் கோடுகள் மெலிந்தும் கீழ்க்கோடு தடித்தும் தெரியும். இழுப்பில் குறையும் அகலத்தை முன்கூட்டியே கூட்டி வைப்பதுதான் புல் காம்பன்சேஷன். டிசைன் முழுவதற்கும் அதில் ஒரே மதிப்பைப் போட்டால் இந்த வித்தியாசம் போகாது.

அடித்தளம்

அண்டர்லே என்றால் மேல்தையலுக்குக் கீழே ஏதோ கொஞ்சம் நிரப்புவது என்று நினைப்பவர்கள் உண்டு. நீளும் துணியில் அதன் முதல் வேலை வேறு. மேல்தையல் விழும் முன்பே துணியையும் அடியில் வைத்த பேக்கிங் பேப்பரையும் ஒரே தகடாகச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டிய பிறகு துணிக்குத் தனியாக நீளும் சுதந்திரம் இல்லை. பேப்பர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குத் துணியும் தாங்கும். இரண்டாவது வேலை, மேல்தையல் பிக்கேயின் குழிகளுக்குள் அமுங்கிப் போகாமல் தூக்கிப் பிடிப்பது.

அதனால் பேப்பரும் அண்டர்லேயும் ஒரே விஷயத்தின் இரண்டு பகுதிகள். கிழித்தெடுக்கும் பேப்பர் இந்த வேலைக்கு ஆகாது. சாட்டின் பார்டர் ஓடும் இடத்தில் ஊசி நெருக்கமாகத் துளை போடுவதால், அந்தக் கோட்டிலேயே பேப்பர் கிழிந்து விலகிவிடும். தாங்கல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காது. வெட்டியெடுக்கும் பேப்பர், 85 ஜி.எஸ்.எம். அளவில் ஒரு தாள் வையுங்கள். துணியின் மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் ஒன்றைப் போடுங்கள். ஊசி 75/11 பால் பாயிண்ட். கூர்முனை ஊசி வளையத்தின் நூலை அறுத்துவிட்டால், அது துவைத்த பிறகு ஓட்டையாகத் தெரியும்.

இந்த லோகோவுக்கு ஃபில்லுடன் தானாக வரும் அண்டர்லேயை மட்டும் நம்ப வேண்டாம். 65 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டத்தைத் தனி ஆப்ஜெக்டாக வரைந்து, டாட்டாமி ஃபில்லாக்கி, வரிகளுக்கு இடையிலான ஸ்பேசிங் 3 மி.மீ., தையல் நீளம் 3 மி.மீ., அண்டர்லே எதுவும் இல்லாமல், கோணம் 0 டிகிரியில் வையுங்கள். அதையே நகலெடுத்துக் கோணத்தை 90 டிகிரி ஆக்குங்கள். நேவி நூலிலேயே இந்த இரண்டும் முதலில் தைக்கப்படும்போது வலை போன்ற ஒரு அடித்தளம் கிடைக்கும். பார்டரின் வெளி விளிம்பு 67 மி.மீ. விட்டத்தில் வரும் என்பதால், 65 மி.மீ. வலை பார்டரின் பாதிக்கு மேல் கீழே போய் நிற்கும், வெளியே தெரியாது.

கோணங்களைக் கவனியுங்கள். மேலே வரப்போகும் ஃபில்லின் கோணம் 45 டிகிரி. அண்டர்லேயும் அதே கோணத்தில் ஓடினால், மேல்தையல் அண்டர்லே வரிகளின் இடைவெளியில் விழுந்து மறைந்துவிடும். குறுக்கே ஓடினால்தான் மேல்தையல் அதன்மேல் ஏறி நிற்கும். ஃபில்லுக்கு 45 டிகிரி எடுத்ததற்கும் காரணம் உண்டு. 0 டிகிரி என்றால் முழு இழுப்பும் துணி அதிகம் நீளும் திசையில் போய்விடும். 90 டிகிரி என்றால் தையல் பிக்கேயின் நெட்டு வரிகளோடு சேர்ந்து ஓடிப் பள்ளத்தில் இறங்கும்.

ஃபில் ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் முடியும்போது துணியை அலையாகத் தள்ளிக்கொண்டே போகும். முடியும் இடத்தில் சின்ன உப்பல் எழும். அடித்தள வலை சரியாக இருந்தால் அந்த அலை எழுவதில்லை. வலை போட்ட பிறகும் உப்பல் வந்தால், பேப்பர் மெலிதாக இருக்கிறது அல்லது ஃப்ரேமில் பேப்பரைத் துணியோடு சேர்த்துப் பிடிக்கவில்லை என்று பொருள்.

சாட்டின் பார்டருக்கு எட்ஜ் ரன்னும் ஜிக்ஜாகும் சேர்த்துக் கொடுங்கள். எட்ஜ் ரன் விளிம்பிலிருந்து 0.5 மி.மீ. உள்ளே இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் மேல்தையல் இழுபட்டதும் அண்டர்லே வெளியே எட்டிப் பார்க்கும். எழுத்துகளின் கோடு 1.3 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதற்கு நடுவே ஒரு சென்டர் ரன் போதும். எழுத்துக்குக் கீழே ஏற்கெனவே ஃபில்லும் வலையும் இருக்கின்றன. அங்கே எட்ஜ் ரன்னும் போட்டால் எழுத்து வீங்கித்தான் போகும்.

டென்சிட்டி

முக்கால்வாசி மென்பொருள்களில் நாம் கொடுப்பது ஸ்பேசிங், அதாவது வரிகளுக்கு இடையிலான தூரம். எண் குறைந்தால் தையல் நெருக்கமாகும். 40 எண் நூலுக்குப் பொதுவான தொடக்கம் 0.40 மி.மீ. இதை 0.36 ஆக்கினால் தையல் எண்ணிக்கை சுமார் 11 சதவீதம் கூடும்; 0.45 ஆக்கினால் அதே அளவு குறையும். கேட்பதற்குச் சிறிய மாற்றம். ஆனால் கூடும் ஒவ்வொரு தையலும் துணியை இழுக்கும் இன்னொரு நூல், துணிக்குள் திணிக்கப்படும் இன்னும் கொஞ்சம் பருமன். இழுப்பும் தள்ளலும் இரண்டுமே ஏறும். ஓட்டையை அடைக்கக் கூட்டிய டென்சிட்டி, வட்டத்தை மேலும் முட்டையாக்கி, பார்டர் பக்கம் ஓட்டையை இன்னும் அகலமாக்கிவிடும்.

ஃபில்லின் நடுவே துணி தெரிகிறது என்றால், பெரும்பாலும் நூல் போதாமல் இல்லை. நூல் குழிக்குள் இறங்கிவிட்டது. ஃபிலிம் போட்டு, அடித்தள வலையும் வைத்த பிறகு அதே ஃபில்லை 0.40-இல் மட்டும் அல்ல, 0.44-இலும் தைத்துப் பாருங்கள். வலை நேவி நிறத்தில் இருப்பதால், வரிகளுக்கு நடுவே தெரிந்தாலும் நேவிதான் தெரியும். இந்த லோகோவுக்கு நாங்கள் ஃபில்லுக்கு 0.44, தையல் நீளம் 4 மி.மீ. என்று வைப்போம். பார்டருக்கு 0.40. எழுத்துகளுக்கு 0.43. குறுகிய கோட்டில் தையல் குட்டையாக, இறுக்கமாக விழுவதால் குறைந்த நூலே துணியை மூடிவிடும். அகலமான சாட்டினில் நூல் தளர்ந்து பரவும் என்பதால் அங்கே நெருக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தேவை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், சின்ன எழுத்தில் டென்சிட்டியைக் கூட்டி எழுத்தைக் கட்டியாக்கிவிடுகிறார்கள்.

டென்சிட்டி மிஞ்சியதைக் கையால் கண்டுபிடிக்கலாம். ஃப்ரேமிலிருந்து எடுத்த லோகோவை இரண்டாக மடித்துப் பாருங்கள். துணியோடு சேர்ந்து மடிய வேண்டும். அட்டைபோல் விறைத்து நின்றால் போட்டது அதிகம். பார்டரின் வெளி விளிம்பை ஒட்டி வெளிச்சத்தில் சின்னச் சின்ன துளைகள் தெரிந்தால் துணி ஏற்கெனவே வெட்டுப்படத் தொடங்கிவிட்டது. அந்த லோகோ சில துவைப்புகளுக்குள் விளிம்போடு பிய்ந்து வர வாய்ப்பு அதிகம்.

புல் காம்பன்சேஷன்

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அண்டர்லேயையோ டென்சிட்டியையோ மாற்றினால் இழுப்பின் அளவே மாறிவிடும் என்பதுதான். முதலிலேயே 0.4 என்று போட்டுவிட்டுப் பிறகு அண்டர்லேயைப் பலப்படுத்தினால், காம்பன்சேஷன் தேவைக்கு மேல் போய் எழுத்துகள் தடித்துவிடும்.

டி-சர்ட்டுக்கு 0.35 மி.மீ. என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் துணி, உங்கள் பேப்பர், உங்கள் மெஷின் டென்ஷன் ஆகியவற்றுக்கு எவ்வளவு என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும். அளக்கும் முன்பு டென்ஷனைப் பாருங்கள். சாட்டின் கோட்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்க அகலத்தில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிய வேண்டும். பாபின் நூல் அதைவிட மெலிந்த கோடாகத் தெரிந்தால் மேல்நூல் தளர்வு. அகலமாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். அந்த நிலையில் எடுத்த அளவு எதுவும் நம்பத் தக்கதல்ல.

பிறகு ஒரு சோதனைத் துண்டு. 4 மி.மீ. அகலம், 25 மி.மீ. நீளத்தில் இரண்டு சாட்டின் கோடுகள்: ஒன்று நெட்டாக, ஒன்று படுக்கையாக. கூடவே 40 மி.மீ. சதுர ஃபில் ஒன்று, 45 டிகிரியில், கீழே அதே வலையுடன். எல்லாவற்றுக்கும் புல் காம்பன்சேஷன் 0. ஆர்டருக்கு வந்த அதே துணியில், டி-சர்ட்டில் லோகோ வரும் அதே திசையில் வைத்துத் தையுங்கள். ஃப்ரேமில் இருக்கும்போதே வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அளங்கள்.

உதாரணமாக, நெட்டுக் கோடு 4 மி.மீ.க்குப் பதிலாக 3.5 ஆகவும், படுக்கைக் கோடு 3.7 ஆகவும் வந்தது என்று வைப்போம். நெட்டுக் கோட்டுக்கு மொத்தம் 0.5, படுக்கைக் கோட்டுக்கு 0.3 மி.மீ. திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில மென்பொருள்கள் நாம் கொடுக்கும் எண்ணை ஒவ்வொரு பக்கமும் சேர்க்கும். சில, மொத்த அகலத்தில் சேர்க்கும். சில, சதவீதமாகக் கேட்கும். கையேட்டைத் தேடுவதைவிட, 4 மி.மீ. கோட்டுக்கு 0.4 கொடுத்துத் திரையில் தையல் அகலத்தை அளந்துவிடுங்கள். 4.8 காட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சேர்க்கிறது, 4.4 காட்டினால் மொத்தத்தில் சேர்க்கிறது. முதல் வகையில் நெட்டுக் கோட்டுக்கு 0.25 போதும், இரண்டாவதில் 0.5. இது தெரியாமல் இன்னொருவரின் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் இரட்டிப்பாகவோ பாதியாகவோதான் வரும்.

அதே நெட்டுக் கோட்டின் நீளம் 25-க்குப் பதிலாக 25.4 வந்திருந்தால் அது புஷ். புல் காம்பன்சேஷன் இதைத் தொடவே தொடாது. கோட்டின் இரண்டு முனைகளையும் 0.2 மி.மீ. கையால் உள்ளே இழுக்க வேண்டும். எழுத்துகளின் கால்கள் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கித் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சதுர ஃபில்லைத் தையல் ஓடும் மூலைவிட்டத்திலும், அதற்குக் குறுக்கு மூலைவிட்டத்திலும் அளங்கள். ஒன்று குறைந்தும் மற்றது கூடியும் வரும். வட்டத்தில் இது சாய்ந்த முட்டை வடிவமாகத் தெரியும். அகலமான ஃபில் குறுகிய கோட்டைவிட அதிகம் சுருங்கும் என்பதால், சாட்டினில் கிடைத்த எண்ணை ஃபில்லுக்குப் போட முடியாது. அதற்குத் தனி மதிப்பு.

இப்போது பார்டர் கணக்கைப் பார்ப்போம். ஃபில்லின் ஆரம் 32 மி.மீ. பார்டர் அந்த விளிம்பின் மேலேயே நடுவாக உட்காருகிறது, ஆகவே அதன் உள் விளிம்பு 30.5-இல். ஃபில் பார்டருக்குக் கீழே 1.5 மி.மீ. போகிறது. காம்பன்சேஷன் இல்லாமல் ஃபில் ஒரு பக்கம் 0.7 சுருங்கி 31.3-க்கு வருகிறது, பார்டரும் ஒரு பக்கம் 0.2 மெலிந்து உள் விளிம்பு 30.7-க்குப் போகிறது. மிச்சம் 0.6 மி.மீ. துணி ஒரு பக்கம் 0.6 நகர்ந்தாலே ஓட்டை தெரிந்துவிடும். ஃபில்லுக்கு ஒரு பக்கத்துக்கு 0.5, பார்டருக்கு 0.2 கொடுத்தால் மிச்சம் 1.3 ஆகிறது, சிறு நகர்வை அது தாங்கும். ஃபில்லைப் பார்டரின் உள் விளிம்போடு வெட்டி நிறுத்தியிருந்தால் எந்தக் காம்பன்சேஷனும் காப்பாற்றாது. ஓவர்லேப்பைத் தாராளமாக வரைந்துவிட்டுத்தான் எண்களுக்குப் போக வேண்டும்.

தைக்கும் வரிசை: வலை, ஃபில், எழுத்து, கடைசியில் பார்டர். எழுத்து தைக்கும்போதும் ஃபில் சற்று இழுபடும் என்பதால், எல்லா நகர்வும் முடிந்த பிறகு பார்டர் வந்து விளிம்பை மூடுவது நல்லது.

தமிழ் எழுத்துகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் 6 மி.மீ. உயரம் போதும். 'ண', 'ஞ', 'இ' போன்றவற்றில் சுழிகள் நெருக்கமாக இருக்கின்றன; 9 மி.மீ. உயரத்திலேயே ஒரு சுழியின் உள் இடைவெளி 1 மி.மீ.க்குள் வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 0.25 காம்பன்சேஷன் கொடுத்தால் அந்த இடைவெளி இரண்டு பக்கமும் சேர்த்து 0.5 குறைகிறது. இழுப்பு அதைத் திருப்பித் திறக்கும் என்று கணக்கு சொல்லும். ஆனால் சுழியின் உள்வளைவில் தையல்கள் ஒன்றின்மேல் ஒன்று குவிவதால் அது முழுதாகத் திறக்காது. ஆகவே சுழிகளின் உள்துளையைக் கையால் 0.2 முதல் 0.3 மி.மீ. அகட்டி வையுங்கள், ஷார்ட் ஸ்டிட்ச் வசதியை இயக்குங்கள், 0.5 மி.மீ.க்குக் குறைந்த தையல்களை வடிகட்டி நீக்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளி 1.4 மி.மீ.க்குக் குறைந்தால் பிக்கேயில் காணாமல் போகும். அதையும் பெரிதாக்கி, எழுத்திலிருந்து சற்று மேலே தள்ளி வையுங்கள்.

எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது

ஓட்டை எந்தப் பக்கம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தையல் ஓடும் திசையின் இரண்டு முனைகளிலும் சமமாக இடைவெளி தெரிந்தால் அது இழுப்பு. காம்பன்சேஷனோ ஓவர்லேப்போ போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஓட்டை, எதிர்ப்பக்கம் ஃபில் பார்டருக்கு வெளியே பிதுங்கினால் அது நகர்வு. அதற்குக் காரணம் ஃப்ரேம் பிடிப்பிலோ பேப்பரிலோ அடித்தளத்திலோ இருக்கிறது. அங்கே காம்பன்சேஷனைக் கூட்டினால் பிதுங்கல்தான் அதிகமாகும்.

அடுத்தது, ஃப்ரேமில் எடுத்த அளவையும் வெளியே எடுத்த அளவையும் ஒப்பிடுங்கள். ஃப்ரேமில் இருக்கும்போதே வட்டம் முட்டையாக இருந்தால் பஞ்சிங்கைத் திருத்துங்கள். ஃப்ரேமில் சரியாக இருந்து, எடுத்ததும் முட்டையாகிச் சுற்றிலும் சுருக்கம் விழுந்தால், துணியை இழுத்து நீட்டிய நிலையில் ஃப்ரேம் பூட்டியிருக்கிறார்கள். பேப்பர் விறைப்பாக இருக்கலாம், துணி அதன்மேல் இயல்பாகப் படிந்திருக்க வேண்டும். பூட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சரி செய்யும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். பஞ்சிங் போட்டவர் எத்தனை முறை ஃபைலைத் திருத்தினாலும் இது மாறாது.

அளவு மாற்றம் கேட்டு வரும்போது மெஷினுக்குப் போகும் DST ஃபைலைத் தொடாதீர்கள். அதில் தையல் புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன. ஸ்பேசிங், அண்டர்லே, காம்பன்சேஷன் என்ற விவரம் எதுவும் இல்லை. மெஷின் பேனலிலேயே அதை 10 சதவீதம் சுருக்கினால், தையல் எண்ணிக்கை மாறாமல் 0.44 ஸ்பேசிங் 0.40 ஆகிவிடும், காம்பன்சேஷனும் அதே விகிதத்தில் குறையும். நெருக்கம் கூடி, ஈடு குறைந்து, இரண்டு பக்கமும் தப்பாகப் போகும். மென்பொருளின் சொந்த ஃபைலில் (எடுத்துக்காட்டாக EMB) அளவை மாற்றி, ஸ்பேசிங்கும் காம்பன்சேஷனும் பழைய மதிப்பிலேயே நிற்கின்றனவா என்று பார்த்து, சுழிகளின் உள்துளையை மறுபடி அளந்த பிறகு புது DST எடுங்கள்.